மூன்றில் ஒரு டிரான்ஸ்பார்மர் போனால்: மீதி இரண்டை ஓப்பன் டெல்டாவில் ஓட்டுவது எப்படி, எவ்வளவு லோடு வைக்கலாம்

மூன்று சிங்கிள் பேஸ் டிரான்ஸ்பார்மர்களை டெல்டா-டெல்டாவாக இணைத்து மூன்று பேஸ் லோடுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்று எரிந்துபோனால், மீதி இரண்டை வைத்தே மூன்று பேஸ் சப்ளையைத் தொடரலாம். இதைத்தான் ஓப்பன் டெல்டா என்கிறோம், வி-வி இணைப்பு என்றும் சொல்வார்கள். புது டிரான்ஸ்பார்மர் வந்து சேரும்வரை ஆலை முழுவதையும் மூடிவைக்காமல் ஒப்பேற்ற இது நல்ல வழி. ஆனால் "மூன்றில் இரண்டு இருக்கிறது, அப்போ மூன்றில் இரண்டு பங்கு லோடு ஓட்டலாம்" என்று கணக்குப் போட்டுத்தான் பல இடங்களில் மீதி இரண்டையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். 66.7 சதவீதம் வராது, 57.7 சதவீதம்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் என்னவென்றால், 57.7-ஐத் தாண்டினாலும் உங்கள் மெயின் பிரேக்கர் ட்ரிப் ஆகாது. ஏன் என்று கீழே வருகிறது.

கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மூன்று டிரான்ஸ்பார்மர்கள், ஒவ்வொன்றும் 100 கேவிஏ, 11,000 வோல்ட்டிலிருந்து 400 வோல்ட்டுக்கு. இரண்டு பக்கமும் டெல்டா. லைன்கள் ஏ, பி, சி. ஏபி-க்கு இடையில் ஒன்று, பிசி-க்கு இடையில் ஒன்று, சிஏ-வுக்கு இடையில் ஒன்று. சிஏ-வில் இருப்பது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

57.7 எங்கிருந்து வருகிறது

100 கேவிஏ-வை 400-ஆல் வகுத்தால் 250 ஆம்பியர். ஒரு டிரான்ஸ்பார்மரின் வைண்டிங் நிரந்தரமாகத் தாங்கும் கரண்ட் அவ்வளவுதான். மூன்றும் நன்றாக இருக்கும்போது டெல்டாவின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வைண்டிங்கின் கரண்ட் சேர்ந்து லைனுக்குப் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை என்பதால் கூட்டினால் 500 வராது, 1.732 மடங்கு, அதாவது 433 ஆம்பியர் வரும். ஆக 250 ஆம்பியர் வைண்டிங்கை வைத்துக்கொண்டு லைனில் 433 ஆம்பியர் எடுக்க முடிகிறது.

இப்போது சிஏ-வைக் கழற்றிவிடுங்கள். ஏ மூலையில் மிச்சம் இருப்பது ஏபி வைண்டிங் ஒன்றுதான். லைன் ஏ-வில் என்ன கரண்ட் போகிறதோ அது முழுதும் அந்த ஒரே வைண்டிங் வழியாகத்தான் வந்தாக வேண்டும், பங்குபோட வேறு ஆள் இல்லை. சி மூலையிலும் இதே கதை. லைன் கரண்டும் வைண்டிங் கரண்டும் ஒன்றாகிவிட்டது. வைண்டிங் 250-தான் தாங்கும், அதனால் லைனிலும் 250-தான்.

```
மூன்று இருந்தபோது : √3 × 400 × 433 = 300 kVA
இரண்டு மட்டும்    : √3 × 400 × 250 = 173 kVA
173 / 300 = 0.577
173 / 200 = 0.866
```

கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்கள். கண் முன்னால் 200 கேவிஏ சரக்கு நிற்கிறது, ஆனால் 173-தான் கிடைக்கிறது. மீதி 27 எங்கே போனது? எங்கேயும் வீணாகவில்லை. டெல்டா திறந்ததும் வைண்டிங்கில் ஓடும் கரண்ட், அந்த வைண்டிங்கின் வோல்டேஜோடு ஒத்துப்போகாமல் 30 டிகிரி விலகி நிற்கிறது. லோடு சுத்தமாக யூனிட்டி பவர் ஃபேக்டரில் இருந்தால்கூட உள்ளே ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரும் 0.866 பவர் ஃபேக்டரில்தான் வேலை செய்கிறது. முழுக் கரண்டை எடுத்துக்கொண்டு 86.6 சதவீத வேலையைத்தான் செய்து கொடுக்கிறது.

லோடு லேகிங்காக இருந்தால் இன்னும் வேடிக்கை. மோட்டார் அதிகம் உள்ள இடத்தில் பவர் ஃபேக்டர் 0.8 என்று வையுங்கள், கோணம் சுமார் 37 டிகிரி. ஒரு டிரான்ஸ்பார்மரில் இதோடு 30 கூடி 67 ஆகிறது, இன்னொன்றில் 30 கழிந்து 7 ஆகிறது. முதலாவது 100 கேவிஏ-வில் 39 கிலோவாட்தான் கொடுக்கும், இரண்டாவது 99 கிலோவாட் கொடுக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எனர்ஜி மீட்டர் வைத்துப் பார்த்தால் "ஒன்று சும்மா இருக்கிறது, லோடு சரியாகப் பிரியவில்லை" என்று தோன்றும். கோளாறு இல்லை, இப்படித்தான் இருக்கும். இரண்டிலும் கரண்ட் ஒன்றுதான், சூடாவதும் ஒரே மாதிரிதான். ஆகவே லோடை கிலோவாட்டில் பார்க்காதீர்கள், ஆம்பியரில் பாருங்கள்.

முதலில், இது உங்களுக்குப் பொருந்துமா

எல்லா பேங்குக்கும் இது செல்லாது. இரண்டு பக்கமும் டெல்டா இருக்க வேண்டும், மூன்றும் தனித்தனி சிங்கிள் பேஸ் டிரான்ஸ்பார்மராக இருக்க வேண்டும். லோடு பக்கம் ஸ்டார் போட்டு நியூட்ரல் எடுத்திருந்தால் ஒரு டிரான்ஸ்பார்மர் போனதும் ஒரு பேஸ் காணாமல் போகும், அதை மீதி இரண்டால் ஈடுகட்ட முடியாது. ஒரே டேங்க்குக்குள் மூன்று பேஸும் இருக்கும் வழக்கமான கோர் டைப் டிரான்ஸ்பார்மரிலும் முயற்சி செய்யாதீர்கள். வயரைக் கழற்றிவிட்டாலும் மற்ற இரண்டு லிம்பின் ஃப்ளக்ஸ் கெட்டுப்போன லிம்ப் வழியாகத்தான் திரும்பும், பழுதான வைண்டிங்கில் வோல்டேஜ் உருவாகிக்கொண்டே இருக்கும், எரிந்த இடம் மேலும் எரியும்.

இன்னொன்று, சப்ளை பக்கம் மூன்று லைனும் உயிரோடு இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 11 கேவி பக்கத்தில் ஒரு லைன் ஃபியூஸ் போய்விட்டால் அது ஓப்பன் டெல்டா இல்லை. லைன் ஏ போய்விட்டது என்றால் பிசி டிரான்ஸ்பார்மருக்கு மட்டும்தான் முழு வோல்டேஜ் கிடைக்கும், மற்ற இரண்டும் சீரிஸாகி அந்த ஒரே வோல்டேஜைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். லோடு பக்கம் மீட்டர் வைத்தால் 400, 200, 200 என்று காட்டும். அதாவது சிங்கிள் பேஸ்தான் வந்துகொண்டிருக்கிறது, டிரான்ஸ்பார்மர் மூன்றுமே நன்றாக இருக்கக்கூடும். இதை அளக்கும்போது மோட்டார்கள் எல்லாம் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் இல்லாத பேஸுக்குத் தானே வோல்டேஜ் உருவாக்கித் தரும், மீட்டரில் 350, 370 என்று ஏதோ காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

படி ஒன்று: நிறுத்து, பிரி, எர்த் செய்

லோடை எல்லாம் எடுத்துவிட்டு, லோடு பக்க பிரேக்கரைத் திறந்து, பிறகு 11 கேவி பக்கம் ஐசொலேட் செய்து பூட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் வோல்டேஜ் இல்லை என்று டிடெக்டர் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகுதான் யாரும் ஏற வேண்டும். இது 11 கேவி வேலை. பெர்மிட்டும் அனுமதி பெற்ற ஆளும் இல்லாமல் தொடக் கூடாது, இந்தக் கட்டுரையைப் படித்தவர் என்பதெல்லாம் தகுதி ஆகாது.

எது பழுது என்று பார்வையிலேயே பல நேரம் தெரிந்துவிடும்: டேங்க் உப்பியிருக்கும், வென்ட்டில் ஆயில் வழிந்திருக்கும், ஆயிலில் கருகிய வாடை வரும், புஷ்ஷிங் வெடித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி மெக்கர் போட்டு, வைண்டிங் ரெசிஸ்டன்ஸும் ரேஷியோவும் எடுங்கள். மெக்கர் நன்றாகக் காட்டியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆன வைண்டிங்குக்கும் மெக்கர் நல்ல மதிப்புதான் காட்டும், ரேஷியோ டெஸ்டில்தான் அது மாட்டும். மீதி இரண்டுக்கும் இதே சோதனைகளைச் செய்வது அவசியம். ஒன்று எரியக் காரணமாக இருந்த இடி, ஷார்ட் சர்க்யூட் போன்றவை பக்கத்தில் நின்றதையும் பாதித்திருக்கலாம்.

படி இரண்டு: பழுதானதை நான்கு முனையிலும் கழற்று

எல்லா முனையும் என்றால் எல்லா முனையும்தான். 11 கேவி பக்கம் இரண்டு, 400 வோல்ட் பக்கம் இரண்டு. "சப்ளை பக்கம் ஃபியூஸை இறக்கிவிட்டேன், போதும்" என்று விடுவது ஆளைக் கொல்லும். ஏன் என்றால், சிஏ-வில் டிரான்ஸ்பார்மர் இல்லாவிட்டாலும் லோடு பக்கம் சி-க்கும் ஏ-வுக்கும் இடையில் 400 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், மீதி இரண்டும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ஓப்பன் டெல்டாவின் முழு அர்த்தமே அதுதான். பழுதான டிரான்ஸ்பார்மரின் 400 வோல்ட் முனைகள் இணைப்பிலேயே இருந்தால் அந்த 400 உள்ளே போய், அந்தப் பக்கம் 11,000 ஆக வெளியே வரும். "ஃபியூஸ் இறக்கியாச்சு" என்று நம்பிக் கை வைப்பவர் 11 கேவி-யில் கை வைக்கிறார். உள்ளே வைண்டிங் ஷார்ட் ஆகியிருந்தால் வேறு கதை: மீதி இரண்டும் அந்த ஷார்ட்டுக்கு கரண்ட் ஊட்ட ஆரம்பிக்கும்.

கழற்றும்போது இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். டெல்டாவின் மூலை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பல பேங்குகளில் வரும் லைன் நேராக ஒரு டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங்கில் வந்து முடிந்து, அங்கிருந்து ஒரு ஜம்பர் பக்கத்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். நம் உதாரணத்தில் லைன் ஏ முதலில் சிஏ டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங்கில் வந்து, பிறகு ஜம்பர் வழியாக ஏபி-க்குப் போகிறது என்றால், சிஏ-வைக் கழற்றியதும் ஏபி-க்கு லைன் ஏ கிடைக்காது. லைன் வயரையே ஏபி டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங்குக்கு மாற்றிக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இப்படிப் பார்த்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் இரண்டின் முனைகளை மட்டும் இடம் மாற்றாதீர்கள், இருந்தது இருந்தபடியே இருக்கட்டும். லோடு பக்கத்து எர்த் இணைப்பு பழுதான டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதையும் இழக்கிறீர்கள், வேறு இடத்தில் மறுபடி கொடுக்காமல் சார்ஜ் செய்யக் கூடாது.

இரண்டின் டாப் நிலையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி மூன்று: பாதுகாப்பு செட்டிங்கை இறக்கு

இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். லோடு பக்க மெயின் பிரேக்கர் 433 ஆம்பியருக்கு ஓவர்லோடு செட் செய்யப்பட்டிருக்கும். மூன்று டிரான்ஸ்பார்மர் இருந்தபோது அது சரி: லைனில் 433 என்றால் வைண்டிங்கில் 250. இப்போது லைனில் 433 ஓடினால் வைண்டிங்கிலும் 433-தான், 173 சதவீதம். கரண்டின் வர்க்கத்தில் சூடு ஏறும் என்பதால் வைண்டிங் லாஸ் மூன்று மடங்கு. பிரேக்கருக்கு இது எதுவும் தெரியாது, அதன் கணக்கில் லோடு நார்மல், மணிக்கணக்கில் நிம்மதியாக மூடியே இருக்கும். பேனல் அம்மீட்டரில் சிவப்புக் கோடு 433-இல் போட்டிருந்தால் ஆபரேட்டரும் 350-ஐப் பார்த்து "நிறைய இடம் இருக்கே" என்று நினைப்பார்.

ஆகவே சார்ஜ் செய்வதற்கு முன்பே ஓவர்லோடு செட்டிங்கை 250-க்கு இறக்குங்கள், மீட்டரில் புதுக் கோடு போடுங்கள், பேனல் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 11 கேவி பக்கமும் இதே கணக்குதான்: முழு பேங்குக்கு லைனில் 15.7 ஆம்பியர், இப்போது 9.1. பழைய லைன் ஃபியூஸ் ஷார்ட்டுக்கு எரியும், ஓவர்லோடுக்கு எரியாது. மாற்ற வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரின் மேக்னெடைசிங் இன்ரஷைத் தாங்கும்படி பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் செய்யும்போதே போய்விடும்.

படி நான்கு: லோடு இல்லாமல் சார்ஜ் செய்து அள

லோடு பக்க பிரேக்கர் திறந்தே இருக்கட்டும். சார்ஜ் செய்து, மூன்று லைன் வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். மூன்றும் 400-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாத சிஏ-வுக்கு இடையிலும் 400 வரும், முதல் முறை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஏபி 400, பிசி 400 என்று சரியாகக் காட்டிவிட்டு சிஏ-வில் மட்டும் 690-ஐ ஒட்டி வந்தால், ஒரு டிரான்ஸ்பார்மரின் முனைகள் ஒரு பக்கம் தலைகீழாக மாறிவிட்டன. உடனே நிறுத்தி, ஒன்றின் லோடு பக்க முனைகளை மாற்றிக் கட்ட வேண்டும். கழற்றிய வயரை நினைவை நம்பி மாட்டினால் இது நடக்கும். 400, 200, 200 என்றோ, ஏதோ ஒன்று பூஜ்யம் என்றோ வந்தால் சப்ளை பக்கம் ஒரு லைன் வந்து சேரவில்லை, ஜம்பரைப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் பேஸ் சீக்குவன்ஸ் மீட்டர் வைத்து, முன்பிருந்த அதே வரிசைதானா என்று உறுதி செய்யுங்கள். லைன் வயரை இடம் மாற்றியிருக்கிறீர்கள் அல்லவா, வரிசை மாறியிருந்தால் எல்லா மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றும்.

படி ஐந்து: லோடைத் தேர்ந்தெடு

நம் உதாரணத்தில் விபத்துக்கு முன் ஓடிக்கொண்டிருந்த லோடு 230 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைப்போம். லைனில் 332 ஆம்பியர். மூன்று இருந்தபோது வைண்டிங்கில் 192, அதாவது 77 சதவீதம், எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அதே லோடை அப்படியே இப்போது போட்டால் வைண்டிங்கில் 332, அதாவது 133 சதவீதம். 82 ஆம்பியரைக் குறைத்தே ஆக வேண்டும்.

குறைக்க இரண்டு வழி. முதல் வழி, எதையாவது நிறுத்துவது. ஒரு 45 கிலோவாட் கம்ப்ரெஸர் முழு லோடில் 80 ஆம்பியரை ஒட்டி எடுக்கும், அதை நிறுத்தினால் 252-க்கு வரும், அது போதாது, விளிம்பில் நிற்கிறது. கூடவே ஒரு 7.5 கிலோவாட் பம்பையும் நிறுத்தினால் இன்னொரு 15 போய் 237-க்கு வரும். 250-க்கு 237 என்றால் 95 சதவீதம். இதற்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது, பழைய டிரான்ஸ்பார்மர் என்றால் இன்னும் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கெபாசிட்டர். அந்த 230 கேவிஏ-வில் உண்மையான வேலை 184 கிலோவாட்தான். சுமார் 78 கேவிஏஆர் கெபாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரை 0.95-க்குக் கொண்டுவந்தால் அதே 184 கிலோவாட்டுக்கு 194 கேவிஏ, 280 ஆம்பியர் போதும். எந்த மெஷினையும் நிறுத்தாமலே 52 ஆம்பியர் குறைந்துவிட்டது, இனி ஒரு சின்ன மெஷினை நிறுத்தினால் போதும். பேனலில் ஏற்கெனவே கெபாசிட்டர் பேங்க் இருந்து, அதில் பாதி ஃபியூஸ் போய்க் கிடந்தால் அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் லோடு குறைவாக இருக்கும் நேரத்தில் முழுக் கெபாசிட்டரையும் மாட்டிவைக்காதீர்கள், லீடிங்குக்குப் போய் வோல்டேஜ் ஏறும்.

சிங்கிள் பேஸ் லோடுகள் இருந்தால் அவை எந்த இரண்டு லைனுக்கு இடையில் இருக்கின்றன என்று பாருங்கள். முழு டெல்டாவில் ஒரு பக்கம் போட்ட சிங்கிள் பேஸ் லோடை மூன்று டிரான்ஸ்பார்மர்களும் பங்குபோட்டுக்கொள்ளும். இப்போது ஏபி-யில் போட்டது முழுதும் ஏபி-யின் தலையில்தான். சிஏ-வில் போட்டது இரண்டு டிரான்ஸ்பார்மர் வழியாகவும் சீரிஸில் போகிறது, இரண்டிலுமே இடத்தைப் பிடிக்கிறது, வோல்டேஜ் இறக்கமும் இரட்டிப்பு. சிஏ-வில் இருக்கும் வெல்டிங் செட், ஹீட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது முதல் வேலை.

படி ஆறு: ஏற்று, அள, மறுபடி அள

லோடு ஏற்றும்போது பெரிய மோட்டாரை முதலில், தனியாக ஸ்டார்ட் செய்யுங்கள். நேரடி ஸ்டார்ட்டில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதை மற்ற லோடு ஏறிய பிறகு செய்தால் வோல்டேஜ் இறங்கி மற்ற கான்டாக்டர்கள் விழும். இரண்டு மோட்டாரை ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஒவ்வொரு லோடு ஏறிய பிறகும் கிளாம்ப் மீட்டரால் மூன்று லைனையும் பாருங்கள். ஏ-வையும் சி-யையும் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் அவைதான் நேரடியாக வைண்டிங் கரண்ட். பி மூலையில் இரண்டு வைண்டிங்கும் சேருவதால் அங்கே காட்டும் கரண்டை வைத்து எந்த டிரான்ஸ்பார்மர் எவ்வளவு சுமக்கிறது என்று சொல்ல முடியாது.

வோல்டேஜும் இனி சமமாக இருக்காது. டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றிலும் ரெசிஸ்டன்ஸ் 1 சதவீதம், ரியாக்டன்ஸ் 4 சதவீதம் என்று எடுத்து, 250 ஆம்பியர், 0.8 பவர் ஃபேக்டரில் கணக்குப் போட்டால் ஏபி-யில் சுமார் 384, பிசி-யில் 394, சிஏ-வில் 378 வருகிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாத பக்கம்தான் அதிகம் இறங்குகிறது, இரண்டின் இறக்கமும் அங்கே சேர்கிறது. பேஸ் வரிசை ஏ, சி, பி என்று இருந்தால் ஏபி-யும் பிசி-யும் இடம் மாறிக்கொள்ளும். சராசரி 385, அதிலிருந்து மிகத் தள்ளி நிற்பது 394, வித்தியாசம் 9. ஒன்பதை 385-ஆல் வகுத்தால் 2.3 சதவீதம் சமமின்மை.

2.3 என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும், ஆனால் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு அது சின்னதில்லை. வோல்டேஜ் சமமின்மை எத்தனை சதவீதமோ அதைப்போல 6 முதல் 10 மடங்கு வரை மோட்டார் கரண்டில் சமமின்மை வரும். ஒரு பேஸில் 15, 20 சதவீதம் கூடுதல் கரண்ட் ஓடும். நீமா எம்ஜி-1 தரநிலை 1 சதவீதத்தைத் தாண்டினாலே மோட்டாரின் லோடைக் குறைக்கச் சொல்கிறது, 5 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டவே வேண்டாம் என்கிறது. 2 சதவீதத்துக்கு முழு லோடில் சுமார் 95 சதவீதம்தான் வைக்கலாம். எனவே ஓப்பன் டெல்டாவில் ஓடும் ஒவ்வொரு பெரிய மோட்டாரிலும் மூன்று பேஸ் கரண்டையும் எடுங்கள், பெயர்ப்பலகை ஆம்பியரை எந்தப் பேஸாவது தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அந்த மோட்டாரின் லோடைக் குறையுங்கள், ஓவர்லோடு ரிலேயை ஏற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இந்தச் சமமின்மை பேங்கில் ஓடும் கரண்டோடு சேர்ந்து ஏறி இறங்கும், கரண்ட் பாதியானால் இதுவும் பாதி. கெபாசிட்டர் போட்டாலும் உதவுவது கரண்ட் குறைவதால்தான்.

முதல் நாள் மணிக்கொரு முறை ஆயில் டெம்பரேச்சரையும், புதிதாகக் கட்டிய ஜாயிண்டுகளின் சூட்டையும் பாருங்கள். ஆயில் டெம்பரேச்சர் மெதுவாகத்தான் ஏறும், பல மணி நேரம் எடுக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு "சூடாகவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். ஆயில் சூடாகும் முன்பே வைண்டிங் சூடாகிவிடும்.

மூன்றாவது திரும்ப வரும்போது

புது டிரான்ஸ்பார்மரின் கேவிஏ, வோல்டேஜ் ரேஷியோ, டாப் மட்டும் பார்த்தால் போதாது, சதவீத இம்பீடன்ஸும் பழைய இரண்டோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்த இம்பீடன்ஸ் உள்ளது அதிக லோடை இழுத்துக்கொள்ளும். மறுபடி நிறுத்தி, ஐசொலேட் செய்து, எர்த் போட்டு, 11 கேவி பக்கம் இரண்டு முனையும் கட்டுங்கள். 400 வோல்ட் பக்கம் ஒரு முனையை மட்டும் சி-யில் கட்டுங்கள், மற்றதை ஏ-வில் கட்டாமல் இடைவெளி விட்டு விலக்கிவையுங்கள். அந்த இடைவெளியின் இரண்டு பக்கமும் வோல்ட்மீட்டர் லீடுகளை, குறைந்தது 1000 வோல்ட் தாங்கும் மீட்டரை, இப்போதே மாட்டிவிட்டு எல்லோரும் விலகிய பிறகு லோடு இல்லாமல் சார்ஜ் செய்யுங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் டெல்டாவை மூடலாம். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் பயப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து என்று வந்தால் டாப் பொருந்தவில்லை, மூடினால் லோடு இல்லாமலே டெல்டாவுக்குள் கரண்ட் சுற்றிக்கொண்டிருக்கும். 800 என்று காட்டினால் புதியது தலைகீழாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் மூடுவது 800 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்வது, வந்ததும் போய்விடும், கூட மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

மூடுவதற்கும் மறுபடி ஆஃப் செய்து எர்த் போட்ட பிறகுதான். கடைசி முனையைக் கட்டி, எர்த் இணைப்பைப் பழைய இடத்துக்கு மாற்றி, சார்ஜ் செய்து, மூன்று வோல்டேஜையும் சீக்குவன்ஸையும் பார்த்த பிறகு பிரேக்கர் செட்டிங்கைத் திரும்ப 433-க்கு ஏற்றுங்கள். பேனல் கதவில் ஒட்டிய தாளையும் அப்போதே கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்காரர் 260 ஆம்பியரைப் பார்த்துப் பதறி கம்ப்ரெஸரை நிறுத்திவிடுவார்.